குழந்தைக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இளைப்புக்கு, மாஸ்க் வைத்த ஸ்பேசர் என்னும் குழாய் வழியே மருந்து எடுக்கும் சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். எந்த மருந்து, எத்தனை பஃப், எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த மருந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்ச் சேருகிறதா என்பதுதான் இங்கே பேச்சு.

இன்ஹேலரை நேராக வாயில் அடித்தால் போதாதா? நடுவில் இந்த ஸ்பேசர் எதற்கு?

இன்ஹேலரை அழுத்தியதும் மருந்து மிக வேகமாகச் சீறி வெளியே வரும். நேராக வாய்க்குள் அடித்தால், அந்த வேகத்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். நெஞ்சுக்குப் போவது கொஞ்சம்தான். அழுத்துகிற அதே நொடியில் மெதுவாக மூச்சை இழுத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அது பெரியவர்களுக்கே பல நேரம் சரியாக வராது. இரண்டு வயதுப் பிள்ளையிடம் எப்படி எதிர்பார்ப்பது?

ஸ்பேசர் இருந்தால் அந்த அவசரம் இல்லை. அடித்த மருந்து குழாய்க்குள் வேகம் குறைந்து சில நொடிகள் மிதந்துகொண்டு நிற்கும். பெரிய துளிகள் குழாயின் சுவரில் ஒட்டிவிடும். நுண்ணிய துளிகளைப் பிள்ளை எப்போதும்போல மூச்சு விட்டே இழுத்துக்கொள்ளும்.

ஸ்பேசரின் முகப்பக்கத்தில் மெல்லிய வால்வு ஒன்று இருக்கும். மூச்சை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அதை இப்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போகிறதா என்று உங்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மாஸ்க் வேண்டுமா, வாயில் வைக்கும் குழாய் போதுமா?

உதட்டால் குழாயை இறுக்கிப் பிடித்து, மூக்கால் இல்லாமல் வாயால் மூச்சு விடத் தெரிந்த பிள்ளைக்கு மாஸ்க் வேண்டாம். பெரும்பாலும் நாலு, ஐந்து வயதில் இது வந்துவிடும். அதுவரை மாஸ்க்தான். வந்தவுடன் மாஸ்க்கை எடுத்துவிடுவது நல்லது. மாஸ்க்கில் பிள்ளை மூக்கால் இழுக்கும்போது மருந்தில் ஒரு பகுதி மூக்கிலேயே தங்கிவிடும்.

மாஸ்க்கின் அளவும் முக்கியம். மூக்கின் மேல்தண்டிலிருந்து தாடைக்குச் சற்று மேல்வரை மூட வேண்டும். கண்ணில் படக்கூடாது. ஒரு வயதில் வாங்கிய மாஸ்க் மூன்று வயதில் பொருந்தாது.

சரி, எப்படித்தான் கொடுப்பது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

முதலில் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுங்கள். சளி அடைத்திருந்தால் மருந்து போகாது. வாயில் சூப்பான் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளையை உங்கள் மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். முதுகு உங்கள் மார்பில் சாய்ந்திருக்கட்டும். இப்படி உட்கார்ந்தால் ஒரு கை பிள்ளையை அணைத்துக்கொள்ளும், இன்னொரு கை ஸ்பேசரைப் பிடிக்கும். படுக்க வைத்துக் கொடுக்க வேண்டாம்.

இன்ஹேலரின் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பைக்குள் கிடந்த இன்ஹேலரில் சின்னப் பொருள் ஏதாவது புகுந்திருக்கலாம். பிறகு நன்றாகக் குலுக்குங்கள். பல இன்ஹேலர்களில் மருந்து உள்ளே அடியில் தங்கிவிடும். குலுக்காமல் அடித்தால் ஒரு பஃபில் மருந்து குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் வரும். இன்ஹேலர் புதிதாக இருந்தாலும், பல நாள் தொடாமல் வைத்திருந்தாலும், முதலில் சில பஃப்களை வெளியே காற்றில் அடித்துவிட வேண்டும். எத்தனை என்று அதன் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும்.

இன்ஹேலரை ஸ்பேசரின் பின்புறத் துளையில் செருகுங்கள். உலோகக் குப்பி மேலே பார்த்து நேராக நிற்க வேண்டும். ஸ்பேசர் தரைக்கு இணையாக இருக்கட்டும். மாஸ்க்கை மூக்கும் வாயும் சேர்ந்து மூடும்படி முகத்தில் வையுங்கள். சுற்றிலும் இடைவெளி இருக்கக்கூடாது. அதற்காக வலிக்கும்படி அழுத்தவும் வேண்டாம்.

இப்போது ஒரே ஒரு முறை அழுத்துங்கள். மாஸ்க்கை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். வால்வைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள். ஏறக்குறைய 10 நொடி ஆகும். வால்வு அசைந்தால்தான் அது ஒரு மூச்சு. நொடிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் மாஸ்க்கை எடுங்கள். இன்னொரு பஃப் சொல்லியிருந்தால் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்து, இன்ஹேலரை மறுபடி குலுக்கி, இதையே திரும்பச் செய்யுங்கள்.

ரெண்டு பஃப் எழுதியிருக்கிறார். ரெண்டையும் சேர்த்து அடித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் இரண்டு பஃப் மருந்து போகாது. இரண்டையும் ஒரே குழாய்க்குள் அடித்தால் நுண்ணிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிச் சுவரில் படிந்துவிடும். தனித்தனியாகக் கொடுத்தால் போகிற மருந்தைவிடக் குறைவாகத்தான் போகும். மிச்சமாகும் அரை நிமிடத்துக்காக மருந்தைச் சுவருக்குக் கொடுக்க வேண்டாம்.

மாஸ்க்கைக் கண்டாலே அழுகிறான். அழும்போது வாய் பெரிதாகத் திறக்கிறதே, மருந்து நன்றாகத்தானே உள்ளே போகும்?

பல பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. அழும் பிள்ளை நீளமாக மூச்சை வெளியே விடும். நடுவில் வெடுக்கென்று ஒரு குறுகிய மூச்சை இழுக்கும். அந்த வேகத்தில் மருந்து தொண்டையில் மோதி நின்றுவிடும். முகத்தைத் திருப்பித் திமிறும்போது மாஸ்க்கின் ஓரமும் தூக்கிக்கொள்ளும். அழுகையோடு கொடுத்த மருந்தில் நெஞ்சுக்குப் போவது மிகக் குறைவு.

அதனால் இளைப்பு வராமலிருக்கத் தினமும் அடிக்கும் தடுப்பு மருந்தைக் கொடுக்கும்போது, அழுகை ஓயும்வரை காத்திருப்பது தவறில்லை. ஐந்து பத்து நிமிடம் தள்ளிப்போனால் எதுவும் ஆகாது. மூச்சு திணறும் நேரத்தில் மட்டும் காத்திருக்க முடியாது. அப்போது அழுதாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

பழக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. மருந்து இல்லாத நேரத்தில் இன்ஹேலரைச் செருகாமல் ஸ்பேசரை மட்டும் பிள்ளையின் கையில் கொடுங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், உங்களுக்கு வைக்கட்டும். அப்புறம் பிள்ளையின் முகத்தில் ஒரு மூச்சுக்கு மட்டும் வைத்து எடுங்கள். அடுத்த நாள் இரண்டு மூச்சு. மருந்து நேரத்தில் தெரிந்த பாட்டு ஒன்றின் முதல் இரண்டு வரியைப் பாடுங்கள். வரி முடிந்தால் மாஸ்க் போய்விடும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் பாதிப் போராட்டம் முடிந்தது. பாட்டு முடிந்த பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று பிடித்து வைக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை நம்பாது.

தூங்கும்போது வைத்துவிடலாமா? அப்போது அழமாட்டாளே.

கேட்க நல்ல யோசனை. ஆனால் மாஸ்க் முகத்தில் பட்டதும் பல பிள்ளைகள் விழித்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுவார்கள். தூக்கத்தில் மாஸ்க்கை இறுக்கமாக வைக்கவும் நமக்கே தயக்கமாக இருக்கும். தூங்கப் போகும் முன், பல் தேய்க்கும் நேரத்தோடு சேர்த்துக் கொடுப்பதுதான் எளிது.

ரெண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். எது எப்போது?

ஒன்று உடனடி மருந்து. பெரும்பாலும் சால்பூட்டமால். சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும், சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும். இளைப்பு வரும்போது கொடுப்பது இது. கொடுத்த பிறகு கை லேசாக நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், பிள்ளை கொஞ்ச நேரம் துறுதுறுவென்று இருக்கலாம். அது தானாக அடங்கிவிடும்.

இன்னொன்று தடுப்பு மருந்து. அதில் குறைந்த அளவு ஸ்டீராய்டு இருக்கும். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை மெல்ல மெல்ல ஆற்றும். பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் தினமும் கொடுக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இளைக்கும்போது இதை அடித்துவிட்டுக் காத்திருந்தால் இளைப்பு அடங்காது.

நிறத்தை வைத்துப் பிரிக்கலாம். உடனடி மருந்து பல இடங்களில் நீலம். ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே நிறத்தில் செய்வதில்லை. இரண்டின் மேலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, ‘தினமும்’, ‘இளைக்கும்போது’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் தாத்தா பாட்டியும் குழப்பமில்லாமல் எடுக்கலாம்.

ஸ்டீராய்டு என்றால் பயமாக இருக்கிறது. கொடுத்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

மாத்திரை ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகும். இது மைக்ரோகிராம் கணக்கில், பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளேயே வேலை செய்யும். தினமும் எடுக்கும் சில பிள்ளைகள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சற்றே குறைவாக உயரலாம். அந்த வித்தியாசம் சுமார் 1 செ.மீ. அளவில்தான் இருக்கும். டாக்டர் உயரத்தை அளந்துகொண்டே போவது அதற்காகத்தான். பயந்துகொண்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, கொடுத்த பிறகு வாயைக் கழுவுவது. கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளை கொப்பளிக்கட்டும். சின்னக் குழந்தைக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள். மாஸ்க் பட்ட இடத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை வரலாம், குரல் கம்மலாம்.

ஒரு மாதமாகத் தவறாமல் கொடுக்கிறோம். ராத்திரி இருமல் நிற்கவே இல்லை. மருந்து சரியில்லையா?

மருந்தை மாற்றுவதற்கு முன் அது போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பையனுக்கு இரண்டரை வயது. தடுப்பு மருந்து காலையில் 2 பஃப், ராத்திரி 2 பஃப். இன்ஹேலரில் 120 பஃப் உண்டு. இன்றோடு 25 நாள் ஆகிறது.

முதலில் கணக்கு. ஒரு நாளைக்கு 4 என்றால் 25 நாளில் 100 போயிருக்க வேண்டும், 20 மிச்சம் இருக்க வேண்டும். இன்ஹேலரின் எண்காட்டியில் 60 என்று இருந்தால் 10 நாளுக்கான மருந்தைக் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம். இது யார் மேலும் குற்றமில்லை. காலையில் அம்மா கொடுத்திருப்பார் என்று அப்பாவும், அப்பா கொடுத்திருப்பார் என்று அம்மாவும் நினைக்கிற வீடுகள் நிறைய. இந்த வீட்டில் 20தான் காட்டுகிறது. ஆக, மருந்து இன்ஹேலரை விட்டு வெளியே வந்திருக்கிறது.

அப்புறம் கொடுக்கிற விதத்தைப் பார்க்கிறோம். பையன் அம்மாவுக்கு எதிரே நிற்கிறான். மாஸ்க்கை வைத்ததும் தலையைப் பின்னால் இழுக்கிறான். மூக்குத்தண்டின் பக்கத்தில் மாஸ்க் ஒரு விரல் நுனி அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. அம்மா அழுத்துகிறார். அந்த இடைவெளி வழியாகக் காற்று போய் வருகிறது, வால்வு அசையவே இல்லை. மருந்து குழாய்க்குள் நிற்கிறது. மூன்று எண்ணியதும் மாஸ்க்கை எடுத்துவிடுகிறார்கள். இடைவெளி சின்னதுதான். ஆனால் மூச்சு எப்போதும் சுலபமான வழியில்தான் போகும், வால்வைத் திறக்கச் சிரமப்படாது. ஆகவே 25 நாளும் மருந்தில் பெரும்பகுதி குழாயிலும் முகத்திலும் போயிருக்கிறது.

இன்னொன்றும் தெரியவருகிறது. ஸ்பேசரைக் கழுவியதும் துண்டால் நன்றாகத் துடைத்து வைப்பது அந்த வீட்டு வழக்கம். அதிலும் மருந்து வீணாகும். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறோம்.

இங்கே மாற்ற வேண்டியது மூன்று. பையனை மடியில், முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும். வால்வு ஐந்து முறை அசையும்வரை மாஸ்க்கை எடுக்கக் கூடாது. ஸ்பேசரைத் துடைக்கக் கூடாது. இப்படிச் சரியாகக் கொடுத்துச் சில வாரம் ஆன பிறகும் ராத்திரி இருமல் இருந்தால், அப்போது மருந்தைப் பற்றியும், இருமலுக்கு வேறு காரணம் உண்டா என்றும் டாக்டரிடம் பேசலாம். போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துக்கொண்டு போய், அவர் கண் முன்னால் ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள். வாயால் விளக்கினால் தவறு தெரியாது.

ஸ்பேசரை எப்படிக் கழுவுவது? துடைத்தால் என்ன தப்பு?

பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும். தேய்த்த சீப்பு காகிதத்துண்டை இழுப்பதுபோல, ஸ்பேசரின் சுவர் மருந்துத் துளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிள்ளைக்கு மிஞ்சுவது குறையும்.

அதனால் கழுவும் முறை கொஞ்சம் வினோதமாகத் தோன்றும். ஸ்பேசரைப் பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் ஊற வையுங்கள். மெதுவாக அலசி எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றாமல் அப்படியே நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். உள்சுவரில் படிந்து காயும் சோப்புப் படலம்தான் நிலைமின்சாரத்தைத் தடுக்கிறது. மாஸ்க்கையும் வாயில் வைக்கும் பகுதியையும் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். நிலைமின்சாரம் ஏறாத ஸ்பேசர்களும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

மாதம் ஒருமுறை போதும். உங்கள் ஸ்பேசரின் தாளில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். புது ஸ்பேசரையும் முதல் முறைக்கு முன் இப்படியே கழுவிக் காய வையுங்கள். காயும்போது வால்வைப் பாருங்கள். கிழிந்திருந்தாலோ, சுருண்டிருந்தாலோ, ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஸ்பேசரை மாற்ற வேண்டும். தினமும் பயன்படுத்துகிறவர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றுவது வழக்கம்.

மருந்து தீர்ந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்த்தால் தெரியுமா?

தெரியாது. மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளும் வாயு உள்ளே மிச்சம் இருக்கும். குலுக்கினால் சத்தம் வரும், அழுத்தினால் சீறும், ஆனால் மருந்து இருக்காது. குப்பியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். அதை நம்ப முடியாது, குப்பியின் வாயும் அடைத்துக்கொள்ளும்.

எண்காட்டி இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் பெட்டியில் எழுதிய எண்ணிக்கையை ஒரு நாள் பஃப்களால் வகுத்து, தீரும் தேதியை இன்ஹேலர் மேலேயே எழுதிவிடுங்கள். 200 பஃப் உள்ளது, தினமும் 4 என்றால் 50 நாள். உடனடி மருந்தை எப்போதாவதுதானே எடுப்போம், அதற்கு ஒரு சின்னத் தாளில் கோடு போட்டு வையுங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள்.

நெபுலைசர்தானே பலமானது? வாங்கி வைத்துவிடலாமா?

லேசான, நடுத்தரமான இளைப்புக்கு ஸ்பேசரில் சரியாகக் கொடுக்கும் மருந்து நெபுலைசருக்கு இளைத்ததில்லை. நேரமும் குறைவு, மின்சாரமும் வேண்டாம். பெரிய சத்தத்தோடு ஆவிபோல வருவதால் அது பலமாகத் தோன்றுகிறது. டாக்டர் சொன்னால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவிலோ, விலாவுக்குக் கீழேயோ, கழுத்துக் குழியிலோ தோல் உள்ளே இழுத்தால் பிள்ளை கஷ்டப்படுகிறது. பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறுவது, உதடு நீலமாவது அல்லது சாம்பல் நிறமாவது, துவண்டு தூங்கி வழிவது, இவை ஆபத்து. முன்பு விசில் சத்தம் கேட்டு, இப்போது பிள்ளை சோர்ந்து, சத்தமும் நின்றிருந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகாமல் இருக்கலாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு உடனடி மருந்தைத் தொடங்குங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அவசரத் திட்டம் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் முதலுதவியில் சொல்லித்தரும் ஒரு முறை இது. 4 பஃப் கொடுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு. 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி 4 பஃப். உதவி வரும்வரை இப்படியே தொடருங்கள். பிள்ளையை நிமிர்த்தியே வைத்திருங்கள். ஸ்பேசர் கையில் இல்லையென்றால் நேராக வாயிலாவது அடியுங்கள், தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

இவ்வளவு மோசமில்லை, ஆனால் உடனடி மருந்து கொடுத்து நாலு மணி நேரம் ஆகும் முன்பே இளைப்பு திரும்பி வருகிறது என்றால், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தம்பிக்கும் வீசிங் இருக்கிறது. அண்ணன் ஸ்பேசரையே கொடுக்கலாமா?

வேண்டாம், சளித் தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். மாஸ்க்கும் பொருந்தாது. அவசரத்தில் வேறு வழியே இல்லை என்றால் கொடுங்கள், அப்புறம் தம்பிக்கென்று ஒன்று வாங்கிவிடுங்கள்.